விபத்தில் சிக்கிய காரை இழுத்துச் செல்ல யார் பணம் தருவது? பாலிசியில் ஒளிந்திருக்கும் 1,500 ரூபாய் வரி

நெடுஞ்சாலையில் நள்ளிரவு. கார் முன்பக்கம் நொறுங்கி நிற்கிறது. யாருக்கும் பெரிய காயம் இல்லை என்று மூச்சு விடுவதற்குள் ஒரு ரெக்கவரி வண்டி வந்து நிற்கிறது. "சார், வண்டிய எங்க எடுத்துட்டுப் போகணும்? இன்சூரன்ஸ் இருக்குல்ல, எல்லாம் கிளைம் பண்ணிக்கலாம்" என்கிறார் ஓட்டுநர். பதற்றத்தில் இருக்கும் குடும்பம் தலையாட்டிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து கிளைம் பணம் வரும்போதுதான் தெரிகிறது, இழுத்துச் செல்ல கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை என்று.

முழு காப்பீடு, அதாவது பலரும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் பாலிசி கையில் இருந்தாலும் ஏன் இப்படி? இழுவைக் கட்டணத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் எதுவரை பணம் தரும், எங்கே நிறுத்திக்கொள்ளும்? வண்டி தானாகப் பழுதாகி நின்றால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது?

இந்தியாவில் வாகனக் காப்பீட்டு பாலிசிகளின் வாசகங்கள் பெரும்பாலும் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் இருந்து வந்தவை. தனியார் கார் பாலிசியில், சொந்த வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றிய பகுதியில் ஒரு வரி இருக்கும். அதன் சாரம் இதுதான்: பாலிசியின் கீழ் வரும் சேதத்தால் வண்டி ஓட முடியாமல் நின்றுவிட்டால், அதைப் பாதுகாக்கவும், அருகிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சேர்க்கவும், சரிசெய்த பிறகு உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஆகும் நியாயமான செலவை நிறுவனம் ஏற்கும். ஆனால் ஒரு விபத்துக்கு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு மேல் தராது.

இதே விதித்தொகுப்பில் இருசக்கர வாகனத்துக்கு இந்த உச்சவரம்பு 300 ரூபாய். ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிகளுக்கு 750 ரூபாய், டாக்சிக்கு 1,500 ரூபாய், லாரி, பேருந்து போன்ற மற்ற வணிக வாகனங்களுக்கு 2,500 ரூபாய். இன்று கிரேன் வண்டி வந்து நிற்பதற்கே கேட்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். சில நிறுவனங்கள் தங்கள் பாலிசியில் தொகையைக் கூட்டியிருக்கலாம். அதனால் உங்கள் பாலிசியில் என்ன எண் இருக்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த ஒரு வரியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. கிளைமில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றித்தான்.

முதல் நிபந்தனை: வண்டி எதனால் நின்றது?

'பாலிசியின் கீழ் வரும் சேதத்தால்' என்பது முதல் நிபந்தனை. மோதல், கவிழ்தல், தீ, வெள்ளம், புயல், கலவரம், திருட்டு முயற்சியில் ஏற்பட்ட சேதம் போன்றவை முழு காப்பீட்டில் அடங்கும். இதில் ஏதாவது ஒன்றால் வண்டி நகர முடியாமல் போனால் இழுவைச் செலவுக்கும் உரிமை உண்டு.

இயந்திரக் கோளாறும் மின்சாரக் கோளாறும் பாலிசியில் இருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டவை. தேய்மானமும் அப்படியே. கிளட்ச் தேய்ந்து போச்சு, பேட்டரி இறங்கிப் போச்சு, டைமிங் பெல்ட் அறுந்து போச்சு, இன்ஜின் சூடாகி நின்னு போச்சு. இதற்கெல்லாம் சாதாரண பாலிசியில் இழுவைச் செலவு ஒரு ரூபாய்கூட கிடைக்காது. பழுதுக்கே பணம் தராத நிறுவனம், அந்தப் பழுதால் நின்ற வண்டியை இழுப்பதற்கும் தராது என்பதுதான் இதன் கணக்கு.

இரண்டும் கலந்து வரும் நேரத்தில்தான் குழப்பம். பிரேக் பிடிக்காமல் கார் ஒரு லாரியின் பின்னால் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெட்டுப்போன பிரேக் பாகத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் மோதலால் நொறுங்கிய பானெட், ரேடியேட்டர், விளக்கு எல்லாம் விபத்துச் சேதம். வண்டி நகராமல் போனதற்கு மோதல்தான் காரணம் என்பதால், இழுவைச் செலவும் கிளைமில் சேரும்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியே பாலிசியில் இருக்காது. சொந்த வண்டிக்கான சேதம் அதில் அடங்காது என்பதால், அதை இழுக்கும் செலவும் அடங்காது. எதிரே வந்தவர் மீதுதான் தவறு என்றால், அவருடைய வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்தை எதிர்த்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சொத்துச் சேதத்துக்கான மனு போடலாம். அதில் இழுவை ரசீதையும் சேர்க்கலாம். ஆனால் நேரம் பிடிக்கும் வழி இது.

இரண்டாவது நிபந்தனை: 'அருகிலுள்ள' பழுதுபார்ப்பவர்

எல்லோருக்கும் தங்கள் ஊரில், தங்களுக்குத் தெரிந்த சர்வீஸ் சென்டரில்தான் வண்டியை விட ஆசை. பாலிசி அதைத் தடுக்காது. ஆனால் அதற்கான கூடுதல் தூரத்துக்குப் பணமும் தராது. விபத்து நடந்த இடத்துக்கு அருகில், அந்தச் சேதத்தைச் சரிசெய்யக்கூடிய பட்டறை வரை செல்லும் செலவைத்தான் நியாயமான செலவாக சர்வேயர் எடுத்துக்கொள்வார்.

அருகில் இருக்கும் சாதாரண ஷெட்டில் அந்த வேலையைச் செய்ய முடியாது என்றால்? உதாரணத்துக்கு, ஏர்பேக் வெடித்த கார் அல்லது மின்சார கார். அப்போது அந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள அருகிலுள்ள இடம் எது என்று நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தின் பெயரை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் கைகொடுக்கும். முதலில் ஒரு ஷெட், பிறகு அங்கிருந்து வேறு ஊர் என்று இரண்டு முறை இழுத்தால், இரண்டாவது பயணம் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

மூன்றாவது நிபந்தனை: 'எல்லாம் சேர்த்து'

1,500 ரூபாய் என்பது இழுவைக்கு மட்டும் அல்ல. பள்ளத்தில் இருந்து தூக்கிய கிரேன் செலவு, இரவில் வண்டியைப் பாதுகாக்க ஆள் வைத்த செலவு, பட்டறைக்குக் கொண்டு சென்ற செலவு, சரிசெய்த பிறகு வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கும் செலவு எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்க வேண்டும். ரசீது நான்காக இருந்தாலும் உச்சவரம்பு ஒன்றுதான்.

காவல் நிலையம் சம்பந்தப்பட்டால் இது இன்னும் சிக்கலாகும். விபத்தில் யாருக்காவது காயம் ஏற்பட்டு வழக்குப் பதிவானால், வண்டி முதலில் காவல் நிலைய வளாகத்துக்குப் போகும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகு விடுவிக்கப்பட்டு, அங்கிருந்து பட்டறைக்குப் போகும். இரண்டு பயணம், இரண்டு ரசீது, ஆனால் ஒரு விபத்து. அதனால் ஒரே உச்சவரம்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனை உதாரணம். சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் 1,200 சிசி காரில் திருச்சிக்குப் போகிறது. உளுந்தூர்பேட்டை அருகே இரவு 11 மணிக்கு குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்கப்போய் சாலை நடுத்தடுப்பில் கார் மோதி ஏறி நிற்கிறது. பம்பர் உடைந்து, ரேடியேட்டரில் இருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

நடுத்தடுப்பில் இருந்து கிரேன் வைத்து இறக்க 2,000 ரூபாய். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள விழுப்புரம் பட்டறைக்கு, வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வாகனத்துக்கு 4,500 ரூபாய். ஒரு இரவு ஷெட்டில் நிறுத்த 300 ரூபாய். ஆக 6,800 ரூபாய்.

மறுநாள் குடும்பத் தலைவர், "நம்ம சர்வீஸ் சென்டர்லயே விட்டுடலாம்" என்று முடிவெடுத்து காரை விழுப்புரத்தில் இருந்து சென்னைக்கு ஏற்றுகிறார். அதற்கு 9,000 ரூபாய். இழுவைச் செலவு மொத்தம் 15,800 ரூபாய் ஆகிவிட்டது.

சென்னையில் பழுதுபார்த்த பில் 48,000 ரூபாய். பாகங்களின் தேய்மானத்துக்காக 6,000 ரூபாயைக் கழித்து, 42,000 ரூபாயை சர்வேயர் ஏற்கிறார். அதோடு இழுவைச் செலவாக 1,500 ரூபாயைச் சேர்க்கிறார். 43,500 ரூபாய். இதில் ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளர் கட்டாயம் ஏற்க வேண்டிய பங்கு கழிக்கப்படும். 1,500 சிசி வரையிலான காருக்கு அது 1,000 ரூபாய். கையில் வருவது 42,500 ரூபாய்.

குடும்பம் செலவழித்தது 63,800 ரூபாய். வந்தது 42,500 ரூபாய். சொந்தக் கையில் இருந்து போனது 21,300 ரூபாய். இதில் தேய்மானமும் கட்டாயப் பங்கும் சேர்த்து 7,000 ரூபாய்தான். மீதி 14,300 ரூபாய் முழுக்க இழுவைச் செலவு. அதே வேலையை விழுப்புரத்திலேயே செய்திருந்தால் சென்னைப் பயணத்தின் 9,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

தெரிந்த சர்வீஸ் சென்டரில் விடுவது தவறே இல்லை. அந்த 9,000 ரூபாய் தன் பணம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

'கொஞ்ச தூரம்தானே, ஓட்டிட்டே போயிடலாம்' - இங்கேதான் பெரிய இழப்பு

இழுவைக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் கேட்கிறார்கள், பாலிசி 1,500 தான் தருகிறது என்று தெரிந்தவுடன் பலருக்கும் வரும் யோசனை, வண்டி ஸ்டார்ட் ஆகிறதே, மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்பது. பாலிசியின் நிபந்தனைகளில் இன்னொரு வரி இதற்காகவே இருக்கிறது. விபத்துக்குப் பிறகு தேவையான பழுதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதமும் புதிதாக வரும் சேதமும் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அது.

இதற்கு நல்ல உதாரணம் ஆயில் சம்ப். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டு அது. வேகத்தடையிலோ சாலையில் கிடக்கும் கல்லிலோ அடிபட்டு அதில் விரிசல் விழலாம். கல்லில் அடிபட்டது விபத்துச் சேதம், அதனால் சம்ப் மாற்றும் செலவு கிளைமில் வரும். வண்டியை அங்கேயே நிறுத்தி இழுத்துச் சென்றால் பிரச்சினை அதோடு முடிந்தது.

ஆனால் ஆயில் ஒழுகியபடியே ஓட்டிச் சென்றால், ஆயில் இல்லாத இன்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் உரசி, சூடாகி, ஒட்டிப்போய் இன்ஜின் ஜாம் ஆகிவிடும். இப்போது சில ஆயிரம் ரூபாய் வேலை, இன்ஜினையே பிரித்து வேலை பார்க்கும் செலவாக மாறிவிட்டது. சம்புக்குப் பணம் தரும் நிறுவனம், இன்ஜினுக்குத் தராது. கல்லில் அடிபட்டதால் இன்ஜின் போகவில்லை, அடிபட்ட பிறகும் ஓட்டியதால்தான் போனது என்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அடியில் பலமான சத்தம் கேட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, வண்டிக்கு அடியில் பாருங்கள். சொட்டுச் சொட்டாகவோ கோடாகவோ எண்ணெய் தெரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை வடிவத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அப்படியே. முன்பக்கம் மோதிய காரில் ரேடியேட்டர் நீர் ஒழுகினாலும் இதே கதைதான். வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போகும்போது ஓட்டினால் இன்ஜின் ஹெட் வளைந்துபோகும், அந்தச் செலவு கிளைமில் நிற்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. தண்ணீர் வடிந்ததும் தெருவில் நிற்கும் காரில் ஏறி, "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்புவார்கள்.

வெள்ளம் பாலிசியில் அடங்கும் ஆபத்து. அதனால் தண்ணீரில் நின்ற வண்டியைப் பட்டறைக்கு இழுக்கும் செலவும் அந்த 1,500 ரூபாய் வரம்புக்குள் கிளைமில் சேரும். ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கதை மாறிவிடும். காற்றை அழுத்துவது போல் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். இந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். இதற்கென்றே இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு தனியாக விற்கப்படுகிறது.

ஆகவே தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல், தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, இழுத்துச் செல்வதுதான் வழி. ஒரே தெருவில் நூறு வண்டி நிற்கும் நாளில் ரெக்கவரி வாகனம் கிடைக்க இரண்டு, மூன்று நாள் ஆகலாம். காத்திருப்பதில் நஷ்டம் இல்லை, கிளைம் பதிவு செய்து எண் வாங்கிவிட்டால் போதும்.

கூடுதல் கவர் எடுத்தால்?

1,500 ரூபாய் போதாது என்பதால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வேறு வேறு.

முதலாவது, கூடுதல் இழுவைக் கட்டணத்துக்கான கவர். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் உச்சவரம்பு உயரும். மேலே சொன்ன உதாரணத்தில் வரம்பு 10,000 ரூபாயாக இருந்திருந்தால், விழுப்புரம் வரையிலான 6,800 ரூபாயும் கிடைத்திருக்கும். ஆனால் மற்ற நிபந்தனைகள் மாறாது. விபத்துச் சேதமாக இருக்க வேண்டும், அருகிலுள்ள பட்டறையாக இருக்க வேண்டும். அதனால் சென்னைப் பயணத்துக்கான 9,000 ரூபாயில் கைவைப்பது அப்போதும் கடினம்தான். பழுதாகி நின்ற வண்டிக்கும் இது உதவாது.

இரண்டாவது, சாலையோர உதவி கவர். இது பணத்தைத் திருப்பித் தரும் காப்பீடு அல்ல, ஒரு சேவை. வண்டி விபத்தில் சிக்கினாலும் சரி, பேட்டரி இறங்கி நின்றாலும் சரி, அவர்களின் எண்ணுக்கு அழைத்தால் ஆள் அனுப்புவார்கள். இயந்திரக் கோளாறுக்கு இழுவை கிடைக்கும் வழி இது ஒன்றுதான். ஆனால் இதிலும் எல்லை உண்டு. இத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், வருடத்துக்கு இத்தனை முறை என்று குறிப்பிட்டிருப்பார்கள். தூரம் தாண்டினால் கூடுதல் கிலோமீட்டருக்கு அங்கேயே பணம் வாங்கிக்கொள்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நீங்களே வெளியில் ஒரு ரெக்கவரி வண்டியைப் பிடித்துவிட்டு பிறகு ரசீது அனுப்பினால் பெரும்பாலும் பணம் வராது, அவர்களை முதலில் அழைத்திருக்க வேண்டும். இரண்டு, 'இழுப்பது' வேறு, 'தூக்குவது' வேறு. சாலையில் நான்கு சக்கரத்தில் நிற்கும் வண்டியை ஏற்றிச் செல்வது இழுவை. கிணற்றில், பள்ளத்தில், நடுத்தடுப்பில் சிக்கியதைக் கிரேன் வைத்து மீட்பதற்குப் பல திட்டங்களில் தனிக் கட்டணம். எனவே அழைக்கும்போதே, "வண்டி தடுப்பு மேல ஏறி நிக்குது, கிரேனும் சேர்ந்துதானா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

சுங்கச்சாவடி கிரேன் இலவசமா?

தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வரும். ஆனால் அந்தக் கிரேனின் வேலை, போக்குவரத்துக்கு இடையூறு இல்லாமல் வண்டியைச் சாலையில் இருந்து அகற்றி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது. அங்கிருந்து பட்டறைக்குப் போவது உங்கள் செலவு. அதனால் 1033 கிரேன் வருவதற்குள் தனியார் கிரேனுக்குப் பணம் பேசிவிடாமல் இருந்தாலே, ரசீதில் ஒரு வரி குறையும்.

சாலையில் போக்குவரத்தை மறித்து வண்டியை விட்டுச் சென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி அபராதத்தோடு அகற்றும் கட்டணத்தையும் உரிமையாளரிடம் வசூலிக்க முடியும். விபத்தில் சிக்கிய வண்டிக்கு, சட்டப்படியான ஆய்வு முடியும் வரை இந்த அபராதத்தில் இருந்து விலக்கு உண்டு. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியதற்காகப் போலீஸ் இழுத்துச் சென்ற வண்டிக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது விபத்தும் இல்லை, சேதமும் இல்லை.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

கிடைக்க வேண்டிய 1,500 ரூபாய்கூட கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ரசீதுதான். ரெக்கவரி வண்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் '6,500 பெற்றேன்' என்று எழுதிக் கொடுப்பார். எந்த வண்டி, எங்கிருந்து எங்கே என்று அதில் இருக்காது. சர்வேயர் அதை ஒதுக்கிவிடுவார்.

ரசீதில் உங்கள் வண்டியின் பதிவெண், தேதி, எடுத்த இடம், இறக்கிய பட்டறையின் பெயர், கிலோமீட்டர் இருக்க வேண்டும். கிரேன் கட்டணமும் இழுவைக் கட்டணமும் தனித்தனி வரியாக இருந்தால் நல்லது. பணத்தை யுபிஐ வழியாகக் கொடுத்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். வண்டியை அசைப்பதற்கு முன் நான்கு பக்கமும், சாலை தெரியும்படியும், ஓடோமீட்டரையும் படம் எடுத்துவிட வேண்டும். வாகனம் ஏற்றப்படும்போதும் ஒரு படம் எடுத்தால், ஏற்றும்போது விழுந்த கீறலை விபத்துக் கீறல் என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டியை நகர்த்துவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து கிளைம் எண் வாங்குங்கள். பெரிய விபத்தாக இருந்தால் இடத்திலேயே சர்வேயர் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். "தேவையில்லை, எடுத்துட்டுப் போங்க" என்றால், அதைச் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தும் இழுவைச் செலவை நிறுவனம் மறுத்தால், எந்த வரியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.

அடுத்த முறை நெடுஞ்சாலைப் பயணம் கிளம்பும் முன், பாலிசியைத் திறந்து இரண்டு எண்களை மட்டும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இழுவைச் செலவுக்கான உச்சவரம்பு. மற்றொன்று, சாலையோர உதவி இருந்தால் அதன் தொலைபேசி எண்ணும் இலவச கிலோமீட்டரும். நள்ளிரவில் ரெக்கவரி வண்டிக்காரர் "எங்க எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்கும்போது, அந்தப் பயணத்தில் எவ்வளவு உங்கள் பணம் என்று தெரிந்துதான் பதில் சொல்வீர்கள்.